கடை ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறது, வங்கி ‘வரவேயில்லை’ என்கிறது: ஏஆர்என் எண்ணை வைத்து ரீஃபண்டைத் தேடுவது எப்படி?

சின்னச் சின்ன ஆன்லைன் கடைகளுக்கு பேமெண்ட் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ரீஃபண்ட் காணாமல் போன பஞ்சாயத்து மாதத்துக்கு நாலைந்தாவது வந்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கிரெடிட் கார்டோ டெபிட் கார்டோ போட்டுக் கட்டிய பணத்தைப் பற்றியது இது. யுபிஐ கதை வேறு, அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

“கடைக்காரர் ARN என்று 23 இலக்க எண் ஒன்றை அனுப்பி, வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். என்ன எண் இது?”

அக்வயரர் ரெஃபரன்ஸ் நம்பர். ஏஆர்என் என்பது அதன் சுருக்கம். ஒரு கார்டு பேமெண்டில் இரண்டு வங்கிகள் உண்டு. உங்களுக்குக் கார்டு கொடுத்தது ஒன்று. கடைக்காரர் சார்பில் கார்டுப் பணத்தை வாங்கிக் கொடுப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வங்கிதான் அக்வயரர். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் வழியாக உங்கள் வங்கிக்கு கிளியரிங் பதிவை, அதாவது இரு வங்கிகளும் பணக் கணக்கைத் தீர்த்துக்கொள்வதற்கான பதிவை, அனுப்பும்போது, பதிவு ஒவ்வொன்றுக்கும் அது ஒட்டும் எண்தான் ஏஆர்என்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ரீஃபண்ட் என்பது பழைய பேமெண்டை அழிப்பது இல்லை. எதிர்த்திசையில் போகும் புதுப் பதிவு அது. அதனால் நீங்கள் வாங்கியபோது ஓர் ஏஆர்என், திருப்பித் தரும்போது இன்னோர் ஏஆர்என். நமக்கு வேண்டியது இரண்டாவது. பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மணியார்டர் காலத்து ஆட்களுக்கு ஒரு வரியில் சொன்னால் போதும்: இது அனுப்பிய தபாலாபீசின் ரசீது. தபால்காரர் உங்கள் கையில் பணத்தைக் கொடுத்தார் என்பதற்கான அத்தாட்சி அல்ல.

“அந்த எண்ணுக்குள் ஏதாவது விவரம் இருக்கிறதா, இல்லை சும்மா ஓடும் எண்தானா?”

இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு நானே அமைத்த எண் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன்.

```
74000005077000482179365

7 | 400000 | 5077 | 00048217936 | 5
```

முதல் இலக்கம் பதிவின் வகையைக் குறிக்கும் குறியீடு, அதை விட்டுவிடலாம். அடுத்த ஆறு இலக்கங்கள் கடையின் வங்கியை அடையாளம் காட்டுபவை. அதற்கடுத்த நான்குதான் நமக்குப் பயன்படும் இடம்: தேதி. பிறகு வரும் 11 இலக்கங்கள் அந்த வங்கி தன் கணக்குக்காகப் போட்டுக்கொள்ளும் வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. கார்டு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கணக்கிடும் அதே முறையில்தான் இதையும் கணக்கிடுகிறார்கள்.

தேதியைப் படிப்பது சுலபம். 5077 என்றால் 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், அதாவது 2025. 077 என்பது அந்த ஆண்டின் 77ஆவது நாள். ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28, ஆக 59. மீதி 18. எனவே மார்ச் 18. லீப் ஆண்டு என்றால் பிப்ரவரிக்குப் பிறகு ஒரு நாள் தள்ளிப் பார்க்க வேண்டும்.

“கடை கொடுத்தது சரியான எண்தானா என்று வங்கிக்குப் போகும் முன் நானே பார்க்க முடியுமா?”

பார்க்காமல் போகாதீர்கள் என்றே சொல்வேன். தப்பான எண்ணோடு போனால் “இப்படி எதுவும் இல்லை” என்ற பதில் வரும். அது உண்மையான பதிலாகவும் இருக்கும். ஆனால் அது உங்கள் ரீஃபண்டைப் பற்றிய பதில் அல்ல.

முதலில் எண்ணிப் பாருங்கள், 23 இலக்கம் இருக்க வேண்டும். 12 இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது ஏஆர்என் இல்லை, ஆர்ஆர்என் என்ற வேறு எண். `rfnd_` என்றோ வேறு எழுத்துகளோடோ தொடங்கினால் அது கடைக்கும் வங்கிக்கும் நடுவில் ஆன்லைன் பேமெண்டைக் கையாளும் பேமெண்ட் கேட்வே தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் எண். உங்கள் வங்கிக்கு அது எதையும் சொல்லாது.

அப்புறம் தேதி. எட்டாவது முதல் பதினொன்றாவது வரையுள்ள நான்கு இலக்கங்களைப் பிரித்துப் படியுங்கள். ரீஃபண்ட் போட்டதாகக் கடை சொல்லும் நாளுக்கு அருகில் வர வேண்டும், ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். நீங்கள் பொருள் வாங்கிய நாளுக்கு அருகில் வந்தால், கடை ஆட்கள் வாங்கியபோது உண்டான எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. திரையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், அவசரத்தில் மேலே இருப்பதை நகலெடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது என் தனிப்பட்ட எரிச்சல்: எக்செல். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். மேலே உள்ள எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் `7.4E+22` என்று காட்டும். அதை விரித்தால் இப்படி வரும்:

```
74000005077000400000000
```

23 இலக்கம் சரியாக இருக்கிறது, தேதிகூடச் சரி. ஆனால் வரிசை எண் போய்விட்டது. கடைசியில் எட்டுப் பூஜ்யம் வரிசையாக நின்றால், “எக்செல்லில் இருந்து எடுக்காதீர்கள், கேட்வே திரையில் இருந்தே நகலெடுத்து அனுப்புங்கள்” என்று கடைக்கு எழுதுங்கள்.

“எண் சரியாகவே இருக்கிறது. ஆனால் கஸ்டமர் கேரில் ‘உங்கள் கணக்கில் எந்த ரீஃபண்டும் இல்லை’ என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?”

பொய் இல்லை. அவர்கள் பார்ப்பது உங்கள் கணக்கில் ஏறி முடிந்த பதிவுகளை. நெட்வொர்க்கிலிருந்து தினமும் வரும் கிளியரிங் கோப்பைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். கோப்பில் வந்து, கணக்கில் ஏறாமல் நிற்கும் பணம் போன் எடுப்பவர் திரையில் தெரியாது. பெரும்பாலான இடங்களில் ஏஆர்என் போட்டுத் தேடும் வசதியும் அவரிடம் இருக்காது.

கணக்கில் ஏறியிருந்தும் கண்ணில் படாமல் போவதும் உண்டு. கிரெடிட் கார்டில் கட்டியதற்கான ரீஃபண்ட் கார்டு கணக்குக்குத்தான் வரும். சேமிப்புக் கணக்கு பாஸ்புக்கை எத்தனை முறை அச்சடித்தாலும் அங்கே இருக்காது. கிளைக்குப் போய் வாக்குவாதம் செய்தவர்களில் பலர் தேடியது தப்பான கணக்கில். வெளிநாட்டுக் கடை என்றால் தொகையே மாறியிருக்கும், ஏனென்றால் திரும்பி வரும் நாளின் மாற்று விகிதத்தில்தான் ரூபாயாகிறது. வாங்கிய அதே தொகையைத் தேடினால் கிடைக்காது, கடைப் பெயரை வைத்துத் தேட வேண்டும்.

“அப்படியென்றால் வங்கியில் யாரிடம், என்னவென்று கேட்பது?”

போனை விடுங்கள், எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் அல்லது வங்கியின் புகார்ப் படிவம். கார்டு பிரிவின் டிஸ்ப்யூட் அல்லது சார்ஜ்பேக் குழுவுக்குப் போக வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள், அதற்கான காரணம் கீழே வருகிறது.

“என் ரீஃபண்ட் எங்கே” என்று கேட்டால் வரும் பதில் “எங்களுக்கு வரவில்லை.” கேள்வியை மாற்றிக் கேளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இதுதான்:

“9365 என்று முடியும் ஏஆர்என் (முழு எண் கீழே) மார்ச் 18 அன்று ரூ. 7,240 ரீஃபண்டாக அனுப்பப்பட்டுள்ளது. இந்த எண் மார்ச் 18 முதல் 25 வரை உங்களுக்கு வந்த கிளியரிங் கோப்புகளில் உள்ளதா என்று பார்க்கவும். இருந்தால் எந்தத் தேதியில், எந்தக் கார்டு எண்ணுக்கு, எந்தக் கணக்கில் ஏற்றப்பட்டது என்று தெரிவிக்கவும். இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தரவும்.”

கார்டின் கடைசி நான்கு இலக்கம், கடைப் பெயர், வாங்கிய தேதி, தொகை ஆகியவற்றைச் சேருங்கள். கடை அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் இணையுங்கள். அதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. நீண்ட புகாரில் எண் புதைந்துபோய், யாரோ ஒருவர் வழக்கமான பதிலை ஒட்டி மூடிவிடுவார்.

“நடுவில் கார்டு தொலைந்து புதுக் கார்டு வாங்கிவிட்டேன். ரீஃபண்ட் பழைய கார்டுக்குப் போயிருந்தால் பணம் போச்சா?”

போகாது. ஆனால் அதிகமாகத் தேங்குவது இந்த இடத்தில்தான். பணம் கட்டிய வழியிலேயே ரீஃபண்டும் போக வேண்டும் என்பது, நீங்களாக வேறு வழிக்குச் சம்மதித்தால் ஒழிய, கடைகளுக்காகப் பணம் வசூலிக்கும் பேமெண்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020இல் விதித்த விதி. அதனால் கடை பழைய எண்ணுக்குத்தான் அனுப்பும், அனுப்பவும் வேண்டும். பழைய எண்ணைப் புது எண்ணோடு இணைத்து ஏற்றுவது உங்கள் வங்கியின் வேலை.

போன ஆண்டு என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், மேலே பிரித்துக் காட்டியதையே வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 19 அன்று கிரெடிட் கார்டில் ரூ. 7,240க்கு ஒரு மிக்ஸி வாங்கினார். ஜாரில் கசிவு, திருப்பி அனுப்பிவிட்டார். மார்ச் முதல் வாரத்தில் பர்ஸ் தொலைந்து கார்டை பிளாக் செய்து புதுசு வாங்கினார். மார்ச் 17 அன்று கடையிலிருந்து “ரீஃபண்ட் அனுப்பியாயிற்று” என்று செய்தி வந்தது. மாதக் கடைசி வரை ஒன்றுமில்லை. கஸ்டமர் கேரில் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் “வரவில்லை.”

என்னிடம் வந்தபோது கடை கொடுத்த எண்ணைக் காட்டினார். தேதி இருக்கும் இடத்தில் 5051. ஆண்டின் 51ஆவது நாள் என்றால் பிப்ரவரி 20, அதாவது மிக்ஸி வாங்கியதற்கு மறுநாள். “மச்சான், இது நீங்கள் பணம் கொடுத்த எண், வாங்குகிற எண் இல்லை” என்றேன். கடைக்கு எழுதினோம், இரண்டு நாளில் 5077 உள்ள எண் வந்தது. ஏப்ரல் 2 அன்று வங்கிக்கு மேலே சொன்ன வாசகத்தோடு மின்னஞ்சல். கூடுதலாக ஒரு வரி: “பழைய கார்டு எண் முடிவது இப்படி, புதியது முடிவது இப்படி, நடுவில் மாற்றப்பட்டது.”

ஏப்ரல் 7 அன்று பதில் வந்தது. பணம் மார்ச் 19 அன்றே வங்கிக்கு வந்திருக்கிறது. பழைய கார்டு பிளாக் ஆனதால் தானாக ஏறாமல், யாருடையது என்று தீராத பணத்தை வங்கி நிறுத்தி வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் நின்றிருக்கிறது. மறுநாள் புதுக் கார்டில் ஏற்றிவிட்டார்கள். மூன்று முறை “வரவில்லை” என்று சொன்னவர்களும் அவர்கள் திரையில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கார்டு மாற்றாமல் கணக்கையே மூடிவிட்டிருந்தாலும் தேடும் முறை இதேதான். மூடிய கார்டின் கடைசி நான்கு இலக்கத்தோடு, பணத்தை அனுப்ப வேண்டிய வேறு வங்கிக் கணக்கின் விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கடையிடம் “வேறு கணக்கில் போட்டுவிடுங்கள்” என்று நெருக்குவதில் பயனில்லை. அவர்கள் கையைவிட்டுப் பணம் போயாயிற்று.

“கடை ஏஆர்என் தராமல் இழுக்கிறது. ‘ரீஃபண்ட் இனிஷியேட் ஆகிவிட்டது’ என்று மட்டும் சொல்கிறார்கள்.”

இனிஷியேட் என்றால் கேட்வே திரையில் யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். கிளியரிங்குக்குப் போகும்போதுதான் ஏஆர்என் பிறக்கிறது. கேட்வே திரைக்கு அது வந்து சேர இன்னும் சில நாள் ஆகலாம். ஆகவே முதல் வாரத்தில் எண் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டாம்.

பத்து நாள் தாண்டியும் இல்லையென்றால், பணம் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொள்வேன். நான் பார்த்தவரை சின்னக் கடைகளில் இதற்கு முக்கியக் காரணம், கேட்வேயில் கடையின் இருப்பு போதாமல் ரீஃபண்ட் வரிசையில் நிற்பது. கடைக்காரருக்கே அது தெரியாமல் இருக்கும். “உங்கள் கேட்வே டாஷ்போர்டில் இந்த ரீஃபண்டின் நிலை ப்ராசஸ்டு என்று இருக்கிறதா, பெண்டிங் என்று இருக்கிறதா” என்று நேராகக் கேளுங்கள்.

எண் என்றைக்குமே வராத வகை ஒன்றும் உண்டு. ஹோட்டல் டெபாசிட் மாதிரி வெறுமனே பிடித்து வைத்த தொகை, அல்லது பேமெண்ட் செட்டில் ஆகும் முன்பே ரத்து செய்தது. இரண்டிலும் பணம் கடையின் வங்கிக்குப் போகவே இல்லை. திரும்பி வர ஒன்றுமில்லாததால் ஏஆர்என்னும் இல்லை. உங்கள் வங்கி பிடித்த பிடியை விட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேட்மெண்டில் வரவு என்று தனி வரி வராமல், பழைய பற்று வரியே காணாமல் போயிருக்கலாம். இதில் கேட்க வேண்டியது, கடை ரத்து செய்ததற்கான ஆதாரமும், தொகையைப் பிடிக்க உங்கள் வங்கி அனுமதித்தபோது கொடுத்த ஆதரைசேஷன் கோடும்.

“வங்கி எழுத்திலேயே சொல்லிவிட்டது: இந்த ஏஆர்என் எங்களுக்கு வரவில்லை. இனி?”

அந்தக் கடிதம் உங்களுக்குச் சாதகம்தான். அதைக் கடைக்கு அனுப்பி, அவர்கள் கேட்வே மூலமாக அக்வயரரிடம் இரண்டு விஷயம் உறுதி செய்யச் சொல்லுங்கள்: அந்த ஏஆர்என் எந்தக் கார்டின் கடைசி நான்கு இலக்கத்துக்குப் போனது, எவ்வளவு தொகை. கார்டு மெஷினில் கையால் போட்ட ரீஃபண்ட் என்றால் வேறு கார்டுக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. கோப்பு நெட்வொர்க்கில் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் அப்போது தெரியவரும்.

கடை அசையவில்லை என்றால் சார்ஜ்பேக், அதாவது உங்கள் வங்கி மூலமாகக் கார்டு நெட்வொர்க் வழியே பணத்தைத் திரும்பக் கோருவது. “ரீஃபண்ட் தருவதாகச் சொல்லித் தரவில்லை” என்பது தனிக் காரணமாகவே இருக்கிறது, விசாவில் அதன் எண் 13.6. ரீஃபண்ட் தருவதாகக் கடை எழுதியது, பொருளைத் திருப்பியதற்கான சான்று, வங்கியின் கடிதம் மூன்றையும் கொடுங்கள். ரீஃபண்ட் ரசீதின் தேதியிலிருந்து 15 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். கெடு பொதுவாக 120 நாள். ஏஆர்என்னைத் துரத்துவதிலேயே மூன்று மாதம் ஓட்டிவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பது நாளுக்குள் முடிவு தெரியாவிட்டால் சார்ஜ்பேக் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டே தேடலாம்.

வங்கி புகாருக்கு 30 நாளாகியும் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் இலவசமாகப் பதியலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புகார் எண்ணை வாங்கச் சொன்னது இதற்குத்தான். கடை பணமே அனுப்பவில்லை என்றால் ஆம்புட்ஸ்மேன் ஒன்றும் செய்ய முடியாது. வந்த பணத்தை வங்கி ஏற்றவில்லை என்பதுதான் அங்கே நிற்கும் புகார்.

“தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டுமாமே?”

அது வேறு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு, தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கானது. ஆன்லைனில் கார்டிலிருந்து பணம் போய்விட்டது, ஆனால் கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு ரூ. 100. நல்லபடியாக முடிந்த வியாபாரத்தில் பொருளைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் ரீஃபண்டுக்கு அது பொருந்தாது. புகாரில் இதை எழுதினால் வங்கிக்கு மறுக்க எளிதான ஒரு வரியைக் கொடுத்ததாக ஆகும்.

“யுபிஐயில் கட்டினேன். ஏஆர்என் கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார்.”

விழிப்பது நியாயம், அங்கே ஏஆர்என் கிடையாது. ரீஃபண்டுக்கான 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணைக் கேளுங்கள், சில ஆப்களில் யுடிஆர் என்று இருக்கும். இங்கேயும் வாங்கியபோது ஓர் எண், ரீஃபண்டுக்கு வேறு எண், அந்தக் குழப்பம் அப்படியே உண்டு. நெட் பேங்கிங் என்றால் வங்கியின் ரெஃபரன்ஸ் எண்.

“ஏஆர்என்னை வெளியே சொல்வதில் ஆபத்து உண்டா?”

அந்த எண்ணை மட்டும் வைத்து உங்கள் பணத்தை யாரும் எடுக்க முடியாது. ஆபத்து வேறு பக்கம். “ரீஃபண்ட் வரவில்லை” என்று சமூக ஊடகத்தில் எழுதிய பத்து நிமிடத்தில் கஸ்டமர் கேர் பெயரில் யாராவது கூப்பிடுவார்கள், திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள். ரீஃபண்ட் தேட ஓடிபி, சிவிவி, பின் எதுவும் தேவையில்லை, கார்டின் கடைசி நான்கு இலக்கம் போதும். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன்.